‘போட்டு வாறன்’ என்று சொல்லும் முறையில்: காதலில் சில வார இடைவெளி கேட்பதற்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் யாழ்ப்பாண வீடுகளில் படலையைத் தாண்டும்போது யாரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்வோம். தவறி ‘போறன்’ என்று வாயில் வந்துவிட்டால் அம்மா உடனே திருத்துவா. காதலில் இரண்டு மூன்று வாரம் தள்ளியிருக்கக் கேட்பதும் இதே வேலைதான். சொல்கிற வசனத்துக்குள் ‘வாறன்’ இல்லாவிட்டால் கேட்பவருக்கு ‘போறன்’ மட்டுமே கேட்கும்.

நான் இதை இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை பிழைத்தது, இரண்டாவது சரிவந்தது. பிறகு பல்கலைக்கழகத்தில் எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் சிலர் இதே இடத்தில் தடுக்கி விழுந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதில் தெரிந்துகொண்ட ஒழுங்கு இது. படிகளை முன்பின் மாற்றாதீர்கள். அநேகமாகப் பிழைக்கிறது சொற்களில் இல்லை, வரிசையில்தான்.

1. முதலில் உங்களிடமே ஒரு கேள்வி

ஒரு தாளை எடுத்து, ‘மூன்று கிழமைக்குப் பிறகு நான் இவரைப் போய்ச் சந்திக்க விரும்புகிறேனா?’ என்று எழுதுங்கள். ‘ஓம்’ என்று கை உடனே எழுதினால் மேலே வாசியுங்கள். ‘பார்ப்பம்’ என்று எழுதினால் உங்களுக்கு வேண்டியது இடைவெளி இல்லை. முறிக்க மனம் வைத்துக்கொண்டு இடைவெளி கேட்பது மற்றவரை வாசலில் காக்கவைத்துவிட்டுப் பின்கதவால் போவதற்குச் சமம். அதற்கு இந்த வழிகாட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. அடிக்கிறவர், மிரட்டுகிறவர், உங்கள் போனைப் பறித்துப் பார்க்கிறவர் என்றால் திரும்பி வரும் திகதி எதையும் கொடுக்காதீர்கள். அது வேறு விசயம். இலங்கையில் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. முதலில் அங்கே கதையுங்கள்.

2. காரணத்தை ஒரே வரிக்குச் சுருக்குங்கள்

காரணம் இரண்டு வரிக்கு மேலே போனால் அது குற்றப்பத்திரிகையாக மாறிவிடும். கேட்பவர் ஒவ்வொரு வரிக்கும் பதில் தேடத் தொடங்குவார், கேட்ட விசயம் காணாமல் போய்விடும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் இறுதி வருடம், ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கொழும்பில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருக்கா இரவு பஸ்ஸில் வருவார். மற்ற நாள்களில் இரவு ஒன்பதரைக்குப் போன் எடுத்தால் பன்னிரண்டு மணிவரை போகும். கடைசி ஒரு மணித்தியாலம் எப்போதும் ஒரே சண்டை: வீட்டில் எப்போது சொல்வது? காலையில் எழும்பினால் கண் வீங்கியிருக்கும், ஒரு பந்தி எழுத முடியாது.

இதில் காரணம் என்ன? அவருடைய கோபமும் இல்லை, அவர் அம்மாவும் இல்லை. ‘இரவில் சண்டை பிடித்துவிட்டுக் காலையில் எழுத முடியவில்லை.’ அவ்வளவுதான். கண்ணால் பார்க்கக்கூடிய, முடிகிற காலம் தெரிந்த ஒரு விசயம். ‘மனசு சரியில்லை’, ‘எனக்கு ஸ்பேஸ் வேணும்’ மாதிரியானவை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாத காரணங்கள். அவற்றைக் கேட்டால் பயம்தான் வரும்.

3. திரும்பி வரும் நாளை முதலே குறியுங்கள்

கேட்கப் போகும் முன்னமே மூன்று விசயம் உங்களிடம் இருக்க வேண்டும்: திகதி, நேரம், இடம். ‘மாசக் கடைசியில’ போதாது. ‘16ஆந் திகதி சனிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு, பழைய பூங்காவில’ என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இடம் குறித்த சந்திப்பை மனம் நம்பும். வெறும் காலத்தை நம்பாது.

எத்தனை நாள் என்று கேட்டால், இரண்டு முதல் மூன்று கிழமை என்பது என் கணக்கு. ஒரு கிழமை என்றால் சண்டையின் சூடே ஆறாது. ஒரு மாதம் தாண்டினால் ஊரில் யாராவது ‘என்ன, இப்ப ரெண்டு பேரும் கதைக்கிறேல்லையோ?’ என்று கேட்கத் தொடங்குவார்கள், அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலே ஒரு முடிவாகிவிடும்.

கலண்டரை விரித்து வைத்து இடையில் என்ன விழுகிறது என்று பாருங்கள். பிறந்தநாள், அவர் தங்கையின் கலியாணம், யாருடையதாவது ஆண்டுத்திவசம் விழுந்தால் நாளை நகர்த்துங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேருக்கு இரண்டு வீட்டாரும் வீதியில் நிற்பார்கள். அந்தச் சனத்துக்குள் முகத்துக்கு முகம் பட்டுக் கதைக்காமல் விலகிப் போனால், நீங்கள் எவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தாலும் அது பிரிவாகவே படும்.

4. விதிகளை நாலு வரியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

இடைவெளிக்குள் என்ன நடக்கும் என்று சொல்லாவிட்டால் மற்றவர் தானாக நிரப்பிக்கொள்வார், மோசமானதைக் கொண்டே நிரப்புவார். நான் எழுதியவை இவை:

இரவில் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு மெசேஜ், சுகம் விசாரிக்க மட்டும். யாருக்காவது வருத்தம், ஆஸ்பத்திரி, வீட்டில் அவசரம் என்றால் விதி இல்லை, உடனே எடுக்கலாம். இந்த மூன்று கிழமையும் நாங்கள் சோடிதான், வேறு யாருடனும் பழகுகிற பேச்சே இல்லை.

கடைசி வரியைச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள், ‘அது தெரிந்ததுதானே’ என்பார்கள். தெரியாது. வாயால் சொல்லுங்கள்.

போனில் சின்ன விசயங்கள் பெரிதாகும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். இரண்டு பேரும் நிற்கும் படத்தை வாட்ஸ்அப்பில் இருந்து எடுக்காதீர்கள். பிளாக் பண்ணாதீர்கள். லாஸ்ட் சீனை அந்தக் கிழமை புதிதாக மறைக்காதீர்கள். இவற்றில் எது மாறினாலும் உங்கள் சொல்லை அது வெட்டிவிடும்.

5. எங்கே, எப்போது சொல்வது

நேரில், பகலில், இரண்டு பேரும் சாப்பிட்ட பிறகு. அன்று சண்டை நடந்திருந்தால் சொல்ல வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள். சண்டை முடிந்த கையோடு கேட்கும் இடைவெளி தண்டனையாகவே விளங்கும்.

ஆள் கொழும்பில் இருந்து வருபவர் என்றால் வந்த முதல் நாளே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஞாயிறு இரவு பஸ் ஏற்றிவிடும்போது சொன்னாள். அவன் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் இருட்டில் தனியே இருந்து அந்த ஒரு வசனத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறான். விடிய கொழும்பில் இறங்கும்போது அவன் மனதில் எல்லாம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை சந்தித்துச் சிரிக்க ஒரு நாள் மிச்சமிருந்திருக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, இங்கே தனிமை கிடைப்பது கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். பண்ணைக் கடற்கரை பின்னேரம் சனம். நல்லூர்ப் பக்கம் யாராவது ஒரு மாமி கட்டாயம் நிற்பா. ஒருவர் அழுதால் அந்தக் கதை உங்களுக்கு முதல் வீட்டுக்குப் போய்விடும். நாங்கள் சனி காலை பத்து மணிக்குப் பழைய பூங்கா வாங்கில் இருந்து கதைத்தோம். அந்த நேரம் ஆள்கள் குறைவு, ஆனால் ஒருவரும் இல்லாத இடமும் இல்லை. அரை மணித்தியாலம் ஒருவரும் எழுப்பாத இடம் என்றால் போதும்.

6. வசனம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முதல் தடவை நான் இரவு 11.40க்கு அனுப்பிய மெசேஜ் இது:

“எனக்குக் கொஞ்ச நாள் ஒரு பிரேக் வேணும். எல்லாத்தையும் ஒருக்கா யோசிக்கோணும். பிழையா எடுக்காதேங்கோ.”

நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை. விடிய எங்கள் படம் அவருடைய வாட்ஸ்அப்பில் இல்லை. அதற்கு அடுத்த நாள் காலை, அவர் வருகிற கிழமையே இல்லை, மனிதர் பரமேஸ்வராச் சந்தியில் பையோடு நிற்கிறார். முகம் கறுத்திருந்தது. இரவு பஸ்ஸில் வந்திருக்கிறார். அதைத் தேற்றி எடுக்க இரண்டு கிழமை போனது.

அந்த மெசேஜைப் பிறகு பல தடவை எடுத்து வாசித்திருக்கிறேன். ‘கொஞ்ச நாள்’ என்பதற்கு முடிவு இல்லை. ‘பிரேக்’ என்ற சொல்லுக்கும் ‘பிரேக்கப்’ என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு அசைதான் இருக்கிறது, பயந்த மனம் அந்த அசையைத் தானே சேர்த்துக்கொள்ளும். ‘எல்லாத்தையும் யோசிக்கோணும்’ என்றால் அந்த எல்லாத்துக்குள் அவரும் இருக்கிறார். ‘பிழையா எடுக்காதேங்கோ’ என்பதுதான் ஆகக் கெடுதி. பிழையாக எடுக்க இதற்குள் ஏதோ இருக்கிறது என்று நானே காட்டிக்கொடுத்தேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு வாங்கில் இருந்து சொன்னது இது:

“உங்களிட்ட எனக்கு ஒரு உதவி வேணும். வாற 16ஆந் திகதி சனிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு இதே வாங்கில உங்களைச் சந்திக்கிறன். அதுவரைக்கும், மூண்டு கிழமைக்கு, இரவு போன் கதையை நிப்பாட்டி வைப்பம். ஆய்வறிக்கை குடுக்க 18 நாள்தான் கிடக்கு. இரவில சண்டை பிடிச்சிட்டு விடிய எழுதேலாமக் கிடக்கு எனக்கு. இது நாங்கள் பிரியிற கதை இல்லை. ஞாயிறு ஞாயிறு மெசேஜ் போடுவன், நீங்களும் போடுங்கோ. இதில உங்களுக்கு மாத்தோணும் எண்டு ஏதும் இருக்கோ?”

வரிசையைக் கவனியுங்கள். முதலில் உதவி கேட்பது. ‘உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும்’ என்று தொடங்கினால் கேட்பவரின் நெஞ்சு அப்போதே இறுகிவிடும், பிறகு சொல்லும் எதுவும் முழுதாகக் காதில் விழாது. உதவி என்றால் அவர் உங்கள் பக்கம் நிற்கிற ஆள்.

இரண்டாவது, திரும்பிச் சந்திக்கும் நாள். விலகுவதைச் சொல்ல முதல் வருவதைச் சொல்லியாயிற்று. மூன்றாவது, எது நிற்கிறது என்பது. நிற்பது ‘நாங்கள்’ இல்லை, இரவு போன்தான். முடிந்தவரை சின்னதாக ஒன்றை நிறுத்துங்கள், பெயர் சொல்லி நிறுத்துங்கள். அதன் பிறகு காரணம். பிரிவு இல்லை என்பது அதற்கும் பிறகு, ஒரே ஒரு தரம். அந்தச் சந்தேகம் அவர் மனதில் எழும் இடம் அதுதான். மூன்று நாலு தடவை சொன்னால் மறைப்பது மாதிரி ஆகிவிடும்.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முடிவை அறிவித்தால் பிரிவு, கேட்டு முடிவெடுத்தால் ஏற்பாடு. அவர் ஒன்று மாற்றினார்: “மெசேஜில உம்மட குரல் கேக்காது, வொய்ஸ் போடும்.” சரி என்றேன். ஒரு விதியாவது அவர் வைத்ததாக இருந்தால் இடைவெளி இருவருடையதும் ஆகிவிடும்.

இனி, நீங்கள் ஒருவரை ஒருவர் எப்படி அழைக்கிறீர்களோ அதை அன்று மாற்ற வேண்டாம். அவர் என்னை ‘நீர்’ என்பார், நான் ‘நீங்கள்’ என்பேன், அது எங்கள் வழமை. ஒரே வகுப்பில் படித்த ஒரு சோடி எப்போதும் ‘நீ, வா, போ’ என்றுதான். அவள் மரியாதையாகச் சொல்ல நினைத்து, ‘நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும்’ என்று எழுத்துத்தமிழில் அனுப்பினாள். அவன் எனக்குப் போன் எடுத்து, “அக்கா, அவள் என்னை நீங்கள் எண்டிட்டாள்” என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மற்ற வரிகளை அவன் வாசிக்கவே இல்லை. செல்லப்பெயர் சொல்கிற ஆள்கள் என்றால் அன்றும் அதையே சொல்லுங்கள்.

தவிர்க்க வேண்டிய சொற்கள் இன்னும் சில: ‘இனி’, ‘போதும்’, ‘களைச்சுப்போனன்’, ‘விதியிருந்தா’, ‘நீங்கள் நல்லா இருக்கோணும்’. கடைசியில் சொன்னது வழியனுப்புகிற வாழ்த்து.

7. அவர் கேட்கப் போகும் கேள்விகள்

சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டிருங்கள். மௌனத்தை நிரப்பப் போய்த்தான் பலர் தேவையில்லாத ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். அவர் கேட்கட்டும்.

இங்கே அநேகமாக முதல் வரும் கேள்வி ‘வேற ஆரும் இருக்கினமோ?’ என்பதுகூட இல்லை. ‘வீட்டில பேச்சுக்கால் வந்திட்டுதோ?’ என்பதுதான். கனடாவிலோ லண்டனிலோ இருந்து ஒரு சம்பந்தம் வந்து, குறிப்புப் பொருத்தம் பார்த்து, பிள்ளை மெல்ல மெல்ல விலகிய கதை ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒன்று கிடக்கிறது. கேட்பவருக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வரும். பேச்சுக்கால் இல்லை என்றால் ‘இல்லை’ என்று நேரே சொல்லுங்கள். உண்மையில் வந்திருந்தால் மறைக்காதீர்கள். மூன்று கிழமைக்குள் வேறு யாராவது சொல்லித் தெரிந்தால், நீங்கள் சொன்ன திகதி, இடம் எல்லாம் பொய்யாகிவிடும்.

‘என்னில என்ன பிழை?’ என்று கேட்டால் பட்டியல் போட வேண்டாம். ஒரே வரிக் காரணத்தைத் திரும்பச் சொல்லுங்கள். பெரிய சண்டையை 16ஆந் திகதிக்கு வைத்திருங்கள். நான் சொன்னது, ‘வீட்டில எப்ப சொல்லுறது எண்ட கதையை அண்டைக்கு முதல் கதையா எடுப்பம்.’ தள்ளிப்போட்ட விசயத்துக்கும் ஒரு நாள் கிடைத்ததில் அவர் முகம் இளகியது.

ஒருவேளை அவர் ‘நான் செத்துப்போவன்’ என்று சொன்னால் அதைப் பயமுறுத்தல் என்று ஒதுக்காதீர்கள், தனியே விட்டுவிட்டும் வராதீர்கள். அவருடைய அண்ணாவையோ நெருங்கிய நண்பரையோ கூப்பிடுங்கள். 1926 மனநல உதவிக்கான தேசிய இலக்கம். அன்று இடைவெளிக் கதை வேண்டாம்.

8. அன்றைக்கே எழுத்தில் ஒன்று

நேரில் கேட்டது இரவில் உருமாறும். அதனால் அன்றே, இருட்ட முதல், கதைத்ததைச் சுருக்கி அனுப்புங்கள். புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். என்னுடையது இப்படி:

“16 சனி 5 மணி, பழைய பூங்கா. ஞாயிறு வொய்ஸ். அவசரம் எண்டா எப்பவும் எடுங்கோ. நீங்கள் தந்த குடையை அண்டைக்குக் கொண்டு வாறன்.”

குடை ஏன் என்றால், பொருளைத் திருப்பிக் கொடுப்பது பிரிவின் அடையாளம். அதனால் அதைச் சந்திப்பு நாளுக்குக் கட்டிவைத்தேன். இரவலாக வாங்கிய புத்தகமோ சாப்பாட்டுப் பெட்டியோ கையில் இருந்தால் இடைவெளி தொடங்கும் நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

ஆளுக்கு ஒரு நண்பரிடம் மட்டும் சொல்லுங்கள், இருவரும் ஒரே வசனத்தைச் சொல்லுங்கள்: ‘படிப்பு முடியும்வரை போன் குறைச்சிருக்கிறம்.’ இரண்டு விதமாகச் சொன்னால் நண்பர்கள் ஒப்பிட்டுப் பார்த்து மூன்றாவது கதை ஒன்றைச் செய்வார்கள்.

9. நடுவில் விதி உடைந்தால்

பெரும்பாலும் நாலாம் ஐந்தாம் நாள் ஒருவர் மெசேஜ் போடுவார். எங்களுக்கு ஆறாம் நாள், இரவு பத்துக்கு, ‘நித்திரையோ?’ என்று வந்தது. பதில் போடாமல் விட்டால் அவர் விடியும்வரை யோசிப்பார். நீளமாகப் போட்டால் இடைவெளி அங்கேயே முடிந்துவிடும். ஒரு வரி போதும்: ‘நித்திரை வருது, நல்லா இருக்கிறன். ஞாயிறு வொய்ஸில கதைக்கிறன்.’ அடுத்த நாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனை வையுங்கள்.

இரண்டாவது கிழமை அவர் வழமைபோல ஊருக்கு வருவார் என்பதை நாங்கள் முதலில் யோசிக்கவில்லை. வந்தால் சந்திப்பதா இல்லையா? பஸ் புக் பண்ண முதல் வொய்ஸில் கேட்டார். கோயிலில் கண்டால் கதைப்போம், ஆனால் நாள் குறித்துச் சந்திப்பதில்லை என்று ஒத்துக்கொண்டோம். நீங்கள் இதை நாலாம் படியிலேயே பேசிவிடுங்கள்.

10. திரும்பி வரும் நாள்

பத்து நிமிடம் முந்திப் போங்கள். வேறு எந்த நாளும் பிந்தலாம், அன்று கூடாது. பஸ் பிந்தும் போல இருந்தால் நாலரைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் பத்து நிமிடம் சாதாரணக் கதை. பிறகு தள்ளிவைத்த அந்த ஒரு விசயம். இரவுப் போன் திரும்பத் தொடங்குவதானால் எத்தனை மணிவரை என்பதையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு கிழமையில் பழையபடி பன்னிரண்டு மணியாகிவிடும். நாங்கள் பத்தரை என்று வைத்தோம்.

இன்னும் நாள் தேவைப்பட்டால் ஒரே ஒரு முறை நீட்டலாம், அதுவும் அந்த வாங்கில் இருந்து, புதுத் திகதியோடு. வராமல் விட்டு மெசேஜில் நீட்டக்கூடாது. இந்த மூன்று கிழமைக்குள் உங்கள் மனம் மாறிவிட்டிருந்தாலும் அந்த ஐந்து மணிக்குப் போய் நேரில் சொல்லுங்கள். அவர் அந்த நேரத்தை நம்பித்தான் மூன்று கிழமை இருந்திருக்கிறார்.

நான் குடையோடு போனேன். அவர் எனக்கு முதலே வந்து இருந்தார்.